பென்சில் அம்புக்குறி

ஸ்ரீவில்லிபுத்தூரில் வேதியியல் நடத்தும் விக்னேஸ்வரன் சார், ராஜபாளையத்தில் இருக்கும் என் டிடிபி கடையில் ஒரு மாணவியின் நோட்டைக் கொடுத்துவிட்டுப் போனார்.

"காப்பி பண்ணுத மாதிரி டைப் அடிச்சு அனுப்பும்மா. பிள்ளைக வாட்ஸப் குரூப்ல போடணும்."

பக்கங்களைப் போட்டோ எடுத்து, எழுத்து பளிச்சென்று தெரியக் கறுப்பு வெள்ளையாக்கினேன். ஆப் அதைப் படித்து டைப்பாக்கித் தந்தது. போட்டோவோடு வரிவரியாக ஒப்பிட்டுத் திருத்தினேன். ஒரு சுழி தப்பினாலும் எனக்குப் பொறுக்காது. நேற்று அனுப்பினேன். சார் அப்படியே குரூப்பில் போட்டுவிட்டார்.

இன்று காலை, காய்ச்சலுக்கு லீவு போட்டிருந்த கனகலட்சுமி தன் நோட்டை வாங்க வந்தாள். திரையில் நான் டைப் அடித்திருந்த பக்கத்தைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"அக்கா, அம்புக்குறி எங்க?"

நோட்டைத் திறந்து பார்த்தேன். பேனாவில் எழுதியிருந்தது: 'பீக்கரில் அடர் கந்தக அமிலம் எடுக்கவும். பிறகு அதில் நீர் சேர்க்கவும்.' அமிலத்தையும் நீரையும் இடம் மாற்றச் சொல்லி மெல்லிய பென்சில் அம்பு. என் கறுப்பு வெள்ளையில் அது அழிந்துபோயிருந்தது.

"நான் தப்பா எழுதிட்டேன்க்கா. அமிலத்துல தண்ணி ஊத்துனா மூஞ்சில தெறிக்கும்னு சார் சொன்ன பொறவு போட்ட அம்பு."

சாருக்குப் போன் அடித்தேன். ரிங் போய்க்கொண்டே இருந்தது.

"சார் லேப்ல போன் எடுக்க மாட்டாவ," என்றாள். "இப்ப எங்க பேட்ச்சுதான் உள்ள இருக்கு. எல்லாரும் அந்த மெசேஜத்தான் பாத்து எழுதிட்டுப் போயிருக்காளுவ."