உவர் மண்

சுண்ணாம்புக்கல் லாரிகளை ஏகாம்பரம் நம்பியதே இல்லை. அரியலூர் பக்கத்திலிருந்து வரும் ஒவ்வொரு லோடிலும் ஏழெட்டு இடங்களில் மாதிரி எடுப்பார். மக்னீசியம் கூடியிருந்தால் லாரி வந்த வழியே போகவேண்டியதுதான். அந்தக் கல்லில் செய்த சிமெண்ட், கட்டிப் பல ஆண்டுகள் கழிந்தும் உப்பி வெடிக்கும் என்பார். உத்திரமேரூரை அடுத்த அந்தச் சின்ன சிமெண்ட் ஆலையின் லேப் அவர் பொறுப்பு.

களிமண் என்று வந்தால் மட்டும் இளகிவிடுவார். கல்லோடு சேர்ந்து சூளையில் வேகத் தேவையான சிலிக்காவும் அலுமினாவும் அதில் அளவாக இருந்தன. தவிர, அது அவருடைய ஊர் ஏரி மண்.

அன்று பிரதோஷம். மழையில் ஏரியின் நடுப்பகுதியில் நீர் நின்றதால், ஒப்பந்தக்காரர் கரையோரம் வெட்டி அனுப்பியிருந்தார். குவியலைச் சரிசெய்துகொண்டிருந்த கங்கம்மாள் ஒரு பிடி மண்ணை நனைத்துத் தேய்த்துவிட்டுக் கையை நீட்டினாள்.

"சார், இது உவரு. எங்க பக்கத்துல இதப் போட்டுத்தான் துணி வெளுப்பாங்க. சோப்பாட்டம் வழவழங்குது பாரு."

"ஏரி மண்ணுதாம்மா. போன மாசம் பார்த்த ரிசல்ட் கீது."

"இன்னா சார், கல்லு வந்தா மோந்து மோந்து பாக்குற. மண்ணுக்கு மட்டும் மாமியார் வூட்டு மரியாதையா?"

அவர் சிரித்துவிட்டார். மாகறல் கோயிலுக்குப் போகும் மூன்று மணி பஸ் நினைவில் இருந்தது. வழக்கப்படி ஒரு பாட்டிலில் மாதிரியை அடைத்து, தேதி எழுதி அலமாரியில் வைத்தார். 'சரி' என்று கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

எட்டாம் நாள் சூளை அடைத்துக்கொண்டது. மண்ணில் உப்பு இருந்தால் அது சூளையின் கடும் சூட்டில் ஆவியாகும். மேலே, அரைத்த கல்லும் மண்ணும் மாவாக இறங்கிவரும் சைக்ளோன் கூம்புகளில், சூடு குறைவதால் படிந்து, அந்த மாவைப் பசைபோல ஒட்டவைக்கும். மறுபடி உள்ளே போய், மறுபடி ஆவியாகி, நாளுக்கு நாள் சேரும். அடைப்பைக் கம்பியால் குத்தியவன் கங்கம்மாளின் தம்பி சிவகுமார். அடைப்பு விட்டதும் தேங்கியிருந்த மாவெல்லாம் நெருப்பாய்ப் பாய்ந்தது. இரு கைகளும் முழங்கை வரை வெந்துபோயின. அவனைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

ஐந்து நாள் கழித்து மேனேஜர் வேதாசலம் ஏகாம்பரத்தைக் கூப்பிட்டார்.

"சூடு தாங்குற ஜாக்கெட் போடாம குத்திக்கினு இருந்திருக்கான். அவன் தப்புன்னு எழுதி முடிச்சிடலாம். மண்ணு சரியா இருந்துச்சுன்னு நீங்க ஒரு வரி குடுத்தா போதும்."

"அப்போ சிவாவத் திரும்ப வேலைக்கு எடுப்பாங்களா?"

"தப்பு பண்ணவன எப்படி எடுப்பாங்க?"

ஏகாம்பரம் லேபுக்கு வந்து அலமாரியைத் திறந்தார். அந்தத் தேதியிட்ட பாட்டில் அங்கேயே இருந்தது. மண்ணை வெந்நீரில் கலக்கி வடிகட்டினார். நைட்ரிக் அமிலம் விட்டதும் நுரைத்தது. பிறகு சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு. குழாய்க்குள் வெள்ளையாய்த் தயிர்போலத் திரண்டது. உப்பு. அளந்து பார்க்காமலே தெரியும் அளவுக்கு உப்பு.

எல்லாம் பத்து நிமிடம். அன்று தீபாராதனைக்கு அரை மணி முன்பே போய்ப் பிரகாரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. அவர் கண்களை மூடிக்கொண்டார். வாயில் சிவநாமம் வரவில்லை.

கதவருகே கங்கம்மாள் டீ தம்ளரோடு நின்றாள்.

"நாஷ்டாகூட துண்ணலயாமே? இத்தயாவது குடி."

"கங்கம்மா, அன்னிக்கு நீ சொன்னே..."

"நான் இன்னொரு வாட்டி அடிச்சு சொல்லியிருக்கணும் சார். கோயிலுக்குப் போற மனுசன ஏன் பேஜார் பண்ணணும்னு வுட்டுட்டேன். தப்பு எம்மேலதான். சிவாகிட்டயும் அப்டிதான் சொன்னேன்."

அவர் தம்ளரை வாங்கிக்கொண்டார். அவருடைய பாவத்தை ஐந்து நாளாக இவள் தலையில் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள். அந்த டீயை அவர் கடைசிச் சொட்டு வரை குடித்தார். பிறகு எழுதினார்: 'அன்றைய களிமண்ணை நான் சோதிக்கவில்லை. உவர் மண் என்று கங்கம்மாள் எச்சரித்தும் அனுமதித்தேன். அடைப்புக்குக் காரணம் அந்த மண். மாதிரி இருக்கிறது.'

வேதாசலம் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"உங்களுக்கு ரெண்டு வருஷந்தான் சர்வீஸ் பாக்கி. தெரிஞ்சுதான் எழுதுறீங்களா?"

"மாதிரியில பாதிய இன்னொரு லேபுக்கும் அனுப்பியாச்சு சார்."

அடுத்த பிரதோஷம் வந்தது. மூன்று மணிக்கு மாகறல் பஸ் புறப்பட்டது. ஏகாம்பரம் செங்கல்பட்டு பஸ்ஸில் ஏறினார். மடியில் சாப்பாட்டுக் கூடையோடு கங்கம்மாள் ஜன்னலோரம் இருந்தாள்.

"இன்னா சார், கோயிலு அந்தாண்ட!"

"சிவாகிட்ட சொல்லவேண்டியது ஒண்ணு கீதும்மா. நீ அவன்கிட்ட சொன்னது தப்புன்னு."

அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்து, ஜன்னலோர இடத்தை அவருக்கு விட்டாள்.