மாற்று பஸ்ஸின் நம்பர்

லிஸ்ட் அக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தவர் ஜன்னல் மாமா. ஜன்னல் மாமாவுக்கு அந்தப் பெயரை வைத்தவள் லிஸ்ட் அக்கா. இரண்டும் ஒரே நாளில், குடியிருப்பின் மாடிப்படியில், கோயில் பயணத்துக்கு முதல் தவணை வசூலித்தபோது நடந்தவை.

"ஜன்னலோர சீட் இல்லாட்டி நான் வரல. எனக்கு வாந்தி வரும்," என்றார் மாமா.

"போன தடவை ஜன்னலோரமா உட்கார்ந்து முழுக்கத் தூங்கிட்டுத்தானே வந்தீங்க?"

"தூங்கினதாலதான் வரல."

பன்னிரண்டு குடும்பம், நாற்பத்திரண்டு பேர். கண் மருத்துவமனையில் பதிவு மேசையில் உட்கார்ந்து நாள் முழுக்க வரிசை எண் கொடுக்கிறவளுக்கு இது பெரிய கூட்டம் இல்லை. ஆனால் அங்கே வருகிறவர்கள் கொடுத்த எண்ணோடு பேசாமல் உட்காருவார்கள். இங்கே மூன்று தவணை வசூலிப்பதற்குள் அவளுக்குப் பாதி முடி நரைத்துவிட்டது. பணம் அனுப்பியதற்கான படத்தை ஒருவர் அனுப்புவார். அதில் அவர் மைத்துனரின் பெயர் இருக்கும். "அனுப்பிட்டேனே" என்று இன்னொருவர் சத்தியம் செய்வார். போன மாதத் தவணையையே மறுபடி காட்டுவார்.

இத்தனைக்கும் முதல் கூட்டத்தில் அவள்தான் வாயைக் கொடுத்திருந்தாள். "பயணம் நடக்கலைன்னா முழுப் பணமும் நான் திருப்பித் தரேன்." வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்டதுபோல ஆயிற்று. விடுதி முன்பணமும் தரிசன முன்பதிவும் திரும்பி வராத பணம். பயணம் நின்றால், வேறு வீடு மாற அவளும் கணவரும் இரண்டு வருடமாகச் சேர்த்தது அப்படியே போய்விடும்.

அதனால்தான் எல்லாவற்றுக்கும் ஒரு மாற்று வைத்திருந்தாள். விடுதியில் அறை குறைந்தால் பக்கத்துத் தெருவில் ஒரு மண்டபம். பஸ்ஸுக்கு இரண்டு ஏஜென்ட்: மீசைக்காரருக்கு முன்பணம், கண்ணாடிக்காரருக்கு 'ஒருவேளை தேவைப்பட்டால்' என்று ஒரு சின்னத் தொகை.

"கோயிலுக்குப் போறியா, போருக்குப் போறியா?" என்று கணவர் கேட்டிருந்தார்.

சனிக்கிழமை காலை புறப்பாடு. ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தரிசன நேரம், தவறினால் தவறியதுதான். வியாழன் மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்த நேரத்தில் மீசைக்காரர் அழைத்தார்.

"மேடம், ஒரு சின்ன விஷயம். பஸ்ஸு கியர்பாக்ஸ் போயிடுச்சு. ஷெட்ல நிக்குது. சாமான் வர திங்கக்கிழமை ஆகும்."

"இது சின்ன விஷயமாண்ணே?"

"பெரிய விஷயம்னு சொன்னா நீங்க பயந்துடுவீங்களே, மேடம்."

அவள் பயப்படவில்லை. இதற்காகத்தானே மாற்று ஏற்பாடு. பாத்திரத்தை மூடிவிட்டுக் கண்ணாடிக்காரரை அழைத்தாள். அவர் தேன் ஒழுகப் பேசினார். "நம்ம வண்டி ரெடியா இருக்கு மேடம். நாப்பத்தஞ்சு சீட்டு. புது மெத்தை. நீங்க கண்ணை மூடிட்டு வாங்க."

"கண்ணைத் திறந்துக்கிட்டே எழுதிக்கிறேன். வண்டி நம்பர் சொல்லுங்க."

அவர் சொன்னார். அவள் எழுதினாள். எழுதிய பிறகு மேல் வரியைப் பார்த்தாள். விடுதியின் வண்டி நிறுத்துமிடத்துக்காக மூன்று வாரம் முன்பே எழுதிவைத்திருந்த மீசைக்காரர் வண்டியின் நம்பர் அங்கே இருந்தது. எழுத்துக்கு எழுத்து அதே நம்பர்.

தான்தான் தவறாக எழுதிவிட்டோமோ என்று முதலில் சந்தேகம் வந்தது. மறுபடி கேட்டாள். அவர் மறுபடியும் அதையே சொன்னார். காசு கொடுத்த அன்றைக்கே இவரிடம் நம்பரைக் கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். கடுகு வரை கணக்குப் பார்த்தவள் பூசணிக்காயை விட்டுவிட்டிருந்தாள். மாற்று பஸ் என்று அவள் காசு கொடுத்து வைத்திருந்தது, ரிப்பேரான பஸ்ஸையே.

அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஷெட்டுக்குப் போனாள். ஏஜென்ட் இருவரையும் அங்கே வரச் சொல்லியிருந்தாள். கழற்றிய கியர்பாக்ஸ் ஒரு சாக்கின் மேல் எண்ணெய் வடியக் கிடந்தது. பக்கத்தில் கையைத் துடைத்தபடி பஸ்ஸின் சொந்தக்காரர் நின்றார்.

"அண்ணே, சனிக்கிழமைக்கு இந்த வண்டியை எத்தனை பேர் கேட்டிருக்காங்க?"

"மீசை ஒருத்தர்தான். ஏன்மா?"

அவள் இரண்டு ரசீதையும் நீட்டினாள். சொந்தக்காரர் வாசித்துவிட்டுக் கண்ணாடிக்காரரை ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்பா, என் வண்டியை எனக்கே தெரியாம வாடகைக்கு விட்டிருக்க. அடுத்து என் வீட்டையும் விட்டுடுவியா?"

"இல்லண்ணே, தேவைப்பட்டா உங்ககிட்ட கேட்டுக்கலாம்னு..."

"ஊரே இப்படித்தான் ஓடுது மேடம்," என்று மீசைக்காரர் சமாதானத்துக்கு வந்தார். "முன்பணத்தைத் திருப்பித் தந்துடுறேன். இந்தக் கடைசி நேரத்துல நாப்பத்தஞ்சு சீட்டு எங்கயும் கிடைக்காது."

அவள் அவருடைய ரசீதைத் திருப்பிக் காட்டினாள். பின்பக்கம் அவர் கையெழுத்திலேயே இருந்தது: வண்டி பழுதானால் அதே எண்ணிக்கை இருக்கைக்கு வேறு வண்டி, அதே வாடகையில். அன்றைக்கு அதை எழுதச் சொன்னபோது அவர் சிரித்திருந்தார். "வீட்டுப் பத்திரம் மாதிரி எழுத வைக்கிறீங்களே மேடம்."

இன்று அவர் சிரிக்கவில்லை.

"எனக்குப் பணம் வேண்டாம். வண்டி வேணும்," என்றாள். "ஞாயித்துக்கிழமை ஏழு மணிக்கு நாப்பத்திரண்டு பேர் அங்க நிக்கணும். பெரிய பஸ் இல்லாட்டி ரெண்டு சின்னது. ஆளுக்கு ஒண்ணு கொண்டு வாங்க. நான் கொடுத்தது எவ்வளவோ அதைக் கழிச்சுக்குங்க."

"நான் எதுக்கு ஒண்ணு?" என்றார் கண்ணாடிக்காரர்.

"இல்லாத வண்டிக்குக் காசு வாங்கினதுக்கு," என்றார் சொந்தக்காரர். "இல்லைன்னா நாளையிலிருந்து என் ஷெட் பக்கம் வராத."

இருவரும் ஒரு மணி நேரம் ஆளுக்கொரு மூலையில் நின்று ஃபோனில் கெஞ்சினார்கள். அவள் ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்து, மதியம் மூடி வைத்த சாப்பாட்டைச் சாப்பிட்டாள். கடைசியில் இருபத்தோரு இருக்கை வேன் இரண்டு கிடைத்தன. நம்பர், சொந்தக்காரர் பெயர், டிரைவரின் ஃபோன் எல்லாவற்றையும் கேட்டு எழுதினாள். இரண்டு நம்பரும் வேறு வேறா என்று மூன்று தடவை பார்த்தாள். இரண்டு டிரைவரிடமும் அவளே பேசினாள்.

வாடகை பழையதுதான். ஆனால் இரண்டாவது வண்டிக்கான சுங்கக் கட்டணத்தையும் டிரைவர் படியையும் தாங்கள் ஏற்கமாட்டோம் என்று இருவரும் முதல்முறையாக ஒன்றுபட்டார்கள். தலைக்கு ஒரு சின்னத் தொகை கூடுதலாக வரும்.

மாலை ஆறு மணிக்கு அதே மாடிப்படியில் நின்று விஷயத்தைச் சொன்னாள். பஸ் போனதைப் பற்றி யாரும் வருத்தப்படவில்லை. கூடுதல் தொகையைப் பற்றிப் பன்னிரண்டு குடும்பமும் வருத்தப்பட்டது.

"பஸ்ஸு கெட்டதுக்கு நாங்க எதுக்கும்மா கொடுக்கணும்?" என்றாள் இரண்டாம் மாடி அத்தை. "என் பேத்திக்கு அரை டிக்கெட்தானே, அவளுக்கும் முழுசா?"

"அத்தை, சுங்கச்சாவடில வண்டியைத்தான் பார்ப்பாங்க. பேத்தியைப் பார்க்க மாட்டாங்க."

"திருப்பித் தரேன்னு நீதானே சொன்ன," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

சொன்னது உண்மை. நோட்டைப் பிரித்து, கையில் பேனாவோடு, ஏழு வரிசை வேனுக்குள் ஜன்னலோரம் எத்தனை சீட் என்று கட்டம் போட்டு அப்போதுதான் எண்ணினாள். எல்லாரையும் விட்டுவிட்டு ஒருவரைப் பார்த்துச் சொன்னாள்.

"மாமா, பஸ்ஸுல ஜன்னலோரம் இருபத்திரண்டு பேர்தான் உட்காரலாம். இந்த வேன்ல வண்டிக்குப் பதினாலு. மொத்தம் இருபத்தெட்டு. முதல்ல யார் கொடுக்கிறாங்களோ அவங்க பேரை முதல்ல எழுதுறேன்."

ஜன்னல் மாமா சட்டைப்பையில் கைவிட்டார். "வழி விடுங்கப்பா," என்றார், யாரும் வழியை மறிக்காதபோதே. அவருக்குப் பின்னால் அத்தை வந்தாள், பேத்திக்கும் முழுசாக எடுத்துக்கொண்டு. ஏழரைக்குள் பன்னிரண்டு குடும்பத்துக்கும் நேராக டிக் விழுந்துவிட்டது. மூன்று மாதத்தில் நடக்காத அதிசயம்.

வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்காருவதற்குள் ஃபோன் ஒலித்தது. ஜன்னல் மாமாதான்.

"ஏம்மா லிஸ்டு, எங்களை முன்னால போற வண்டில போடு. பின்னால வந்தா புகை அடிக்கும். எனக்கு வாந்தி வரும்."

வைத்தவுடன் அத்தை. அவளுக்கும் முன்னால் போகும் வண்டிதான் வேண்டும். அதற்குப் பிறகு இன்னும் நான்கு பேர். ஃபோனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, தாளில் நடுவே ஒரு கோடு இழுத்தாள். 'முதல் வண்டி' என்று எழுதப் போனவள் நிறுத்திவிட்டு, இடப்பக்கம் 'நீல வேன்', வலப்பக்கம் 'வெள்ளை வேன்' என்று எழுதினாள்.

"எது முன்னால போகும்?" என்று கணவர் கேட்டார்.

"தெரியாது. கேட்டா நீங்களும் தெரியாதுன்னே சொல்லுங்க."

"நாம எதுல?"

"பின்னால போறதுல," என்றாள். "டீ குடிக்க இறங்கி யாராவது தங்கிட்டாங்கன்னா எண்ணிப் பார்க்க ஆள் வேணுமே."