குப்பை என்கிற முகவரி

காவ்யஸ்ரீ கோச்சடையில் அண்ணன் கார்த்திகேஷின் பிரவுசிங் சென்டருக்குள் நுழைந்தபோது செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அன்றைக்கு அவளுக்கு வந்த கோபம் அப்படி.

நிச்சயமாகி மூன்று வாரம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை சாய்குமாரின் அம்மா சுந்தரவல்லி காலையில் போன் செய்திருந்தாள். கல்யாண சைட்டில் காவ்யாவின் போட்டோ இன்னும் மாப்பிள்ளை தேடிக்கொண்டிருக்கிறதாம். சொந்தத்தில் நாலு பேர் பார்த்துவிட்டார்களாம். நாளைக்குள் அது போகாவிட்டால் தேதி குறிப்பதை நிறுத்திவைக்க வேண்டியிருக்கும் என்று, குரலை உயர்த்தாமலே சொன்னாள். சைட்காரர்களோ, லாகின் பண்ணி நீக்குங்கள், இல்லையென்றால் பதிவு செய்த மெயிலிலிருந்து எழுதுங்கள் என்று கையை விரித்துவிட்டார்கள்.

அந்தப் போட்டோவை அவளைக் கேட்காமல் ஏற்றியவன் அண்ணன் என்கிற இந்த மகாராசன்தான். அன்றிலிருந்து அவள் செல்லுக்கு யார் யாரோ கூப்பிட்டார்கள். ஒருவன் எடை எவ்வளவு என்று கேட்டான். ஒருவன் ராத்திரி சாப்பிட்டாயா என்று கேட்டான். அவள் வேலை பார்க்கும் லேப்பில் செல் அடித்தாலே மற்றவர்கள் சிரித்தார்கள்.

"பாஸ்வேர்டச் சொல்லு" என்றாள்.

கார்த்திகேஷ் தலையைச் சொறிந்தான். மறந்துபோச்சு என்றான். மறந்தால் என்ன, மெயிலுக்குப் புது லிங்க் வருமே, அதைத் திற என்றாள். அவன் இன்னும் கொஞ்சம் சொறிந்தான்.

பிறகு மெல்ல, வீட்டில் பேசும் சௌராஷ்டிர மொழியில் விஷயத்தைச் சொன்னான். அது அவனுடைய மெயில் இல்லை. தற்காலிக மெயில் தருகிற சைட் ஒன்று இருக்கிறது. வாய்க்கு வந்த பேரை அடித்தால் ஒரு பெட்டி திறக்கும். பாஸ்வேர்டு கிடையாது. வந்த மெயில் சில மணி நேரத்தில் தானாக அழிந்துவிடும். கண்ட இடத்தில் சொந்த மெயிலைக் கொடுத்தால் விளம்பரமாக வந்து குவியும் என்று, அவன் எப்போதும் இதைத்தான் கொடுப்பான்.

"சரி, என்ன பேரு அடிச்ச?"

அவன் கீபோர்டில் அடித்துக் காட்டினான். k, u, p, p, a, i.

சைட்டில் அவளுடைய பதிவு எண்ணைப் போட்டு, பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்பதை அழுத்தினான். சற்று நேரத்தில் 'குப்பை' பெட்டியில் லிங்க் வந்து விழுந்தது. கூடவே ஊர் பேர் தெரியாத எவனெவனுக்கோ வந்த மெயில்களும் கிடந்தன. அந்தப் பேரை எவன் அடித்தாலும் இதே பெட்டிதான் திறக்கும். எவன் வேண்டுமானாலும் இந்த லிங்க்கை எடுத்து அவள் பேரில் உள்ளே போயிருக்கலாம். காவ்யா மவுஸைத் தன் பக்கம் இழுத்தாள்.

போட்டோவும் போன் நம்பரும் போயின. மொத்தப் பதிவையும் அவளே அழித்தாள்.

"முடிஞ்சுருச்சுல்ல, இதுக்குப் போயி இம்புட்டு ஆர்ப்பாட்டமா" என்று அவன் சௌராஷ்டிரத்தில் முனகினான்.

அவர்கள் வீட்டில் எந்தச் சண்டையும் சௌராஷ்டிரத்தில்தான் நடக்கும். பக்கத்து வீட்டுக்காரன் காதில் விழுந்தாலும் புரியாது. காவ்யா அன்றைக்கு எழுந்து நின்று, ஆறு சிஸ்டம் முன்னால் இருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி தமிழில் ஆரம்பித்தாள்.

"ஒன் மெயிலுக்கு நாலு விளம்பரம் வந்துறக் கூடாதுன்னு பொய் மெயில் குடுத்த. என் போட்டோ மட்டும் நெசம், என் போன் நம்பர் மட்டும் நெசம். கூடப் பொறந்தவளுக்கு மாப்ள பாக்க குப்பைன்னு பேரு போட்டிருக்கியே, ஒனக்குக் கை கூசலயா? எவன் தொறந்தாலும் தொறக்குற பெட்டி. அதுல வந்தது பொழுது சாயுறதுக்குள்ள அழிஞ்சு போயிரும். தெரிஞ்சேதான செஞ்ச?"

கார்த்திகேஷ், வீட்டுப் பேச்சில் பேசு, ஆட்கள் இருக்கிறார்கள் என்று கெஞ்சினான். ஆட்கள் இருப்பதால்தான் பேசுகிறேன் என்றாள் அவள்.

கடைசி சிஸ்டத்திலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். எழுமலையிலிருந்து பஸ் ஏறி வருகிற பவதாரிணி. களை எடுத்துப் பிழைக்கிற வீட்டில் டிகிரி முடித்த முதல் ஆள். கம்பெனி வேலைக்கு இங்கேதான் விண்ணப்பம் போட்டாள். இன்டர்வியூ மெயில் வந்ததா என்று வாராவாரம் கேட்பாள். கார்த்திகேஷும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் வரலம்மா என்று அனுப்பிவிடுவான்.

"அண்ணே, எனக்குன்னு மெயிலு இல்லைன்னு சொன்னப்ப, நான் போட்டுக்கிறேன்னு இந்தப் பேரத்தான அடிச்சிய? நான் ஏதோ கம்பெனிப் பேருன்னுல்ல நெனச்சேன்." அவள் திரையில் கிடந்த பெட்டியை எட்டிப் பார்த்தாள். "எனக்கு வந்ததும் அழிஞ்சு போச்சாண்ணே?"

கார்த்திகேஷ் தங்கச்சியைப் பார்த்தான். அவளும் பதிலுக்காகத்தான் நின்றாள். இதற்குத் தமிழில்தான் பதில் சொல்லியாக வேண்டும்.