பதினெட்டு மூட்டை

மத்தியாஸுக்குப் பக்கவாதம் வந்தது ஏப்ரல் மாதத்தில். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போயிற்று. மற்றவர்கள் சொல்வது புரிந்தது, பதில் மட்டும் வாய்க்குள்ளேயே நின்றது.

மூணாறிலிருந்து ஜீப்பில் ஒன்றரை மணி நேரம் உள்ளே போனால் வரும் தேயிலை எஸ்டேட் அது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்கு நடுவே மத்தியாஸின் மளிகைக் கடை. நூற்றிருபது வீடுகளுக்கு அந்த ஒரு கடைதான். இருபத்திரண்டு வருடம் அவர் எதையும் எழுதி வைத்ததில்லை. காலையில் கதவைத் திறந்ததும் ஒருமுறை சுற்றிப் பார்ப்பார். பிறகு மூணாறு மொத்தக் கடைக்குப் போன் போட்டு, அரிசி, பால்பொடி, சோப்பு என்று வேண்டியதைச் சொல்வார். அது அவர் மனைவி புஷ்பமேரிக்கு ஒரு பழக்கமாகத்தான் தெரிந்தது. அதில் கணக்கு இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து அவரைக் கூட்டிவந்த அன்று கட்டில் போட இடமில்லை. கல்லாவில் இருந்தபடியே அவரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் கூரை வரை அரிசி மூட்டைகள் அடுக்கியிருந்தன. "இம்புட்டு எதுக்கு வாங்கிக் குமிச்சாரோ," என்று ஜீப் டிரைவர் தங்கதுரையிடம் சொன்னாள். இருந்ததை விற்றாள், புதிதாக அடுக்கவில்லை. அந்த இடத்தில் கட்டில் வந்தது.

புஷ்பமேரி பத்தாம் வகுப்பு வரை படித்தவள். கண்ணால் பார்த்து முடிவு செய்ய அவளுக்குத் தெரியாது, ஆகவே எழுதினாள். இரண்டு வாரம் தினமும் எத்தனை மூட்டை போகிறது என்று குறித்தாள். சராசரியாக நாளைக்கு இரண்டு. போன் செய்தால் மூன்றாம் நாள் ஜீப் வந்துவிடும். அப்படியானால் ஆறு மூட்டை மிஞ்சும்போது சொன்னால் போதும், அது தீரும் நேரத்தில் புதியது வந்து இறங்கும். சுவரில் ஒரு அட்டையை ஒட்டி, "அரிசி: ஆறு" என்று எழுதினாள். பால்பொடி, எண்ணெய், பருப்பு எல்லாவற்றுக்கும் அதே முறைதான்.

மே மாதம் முழுக்க அது சரியாக நடந்தது. அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது. ஆனால் மத்தியாஸ் இடது கையைத் தூக்கி, கட்டிலைத் தாண்டி ஜன்னலை ஒட்டி இருந்த வெறும் சுவரைக் காட்டிக்கொண்டே இருந்தார்.

"ஜன்னல அடைக்கணுமா? குளிருதா?" என்று கேட்பாள். அவர் இல்லை என்று தலையை ஆட்டுவார். "தண்ணியா?" அதற்கும் இல்லை. கடைசியில் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நோய் வந்தவருக்குக் கோபம் வருவது சகஜம் என்று அவள் போர்வையை இழுத்துவிட்டுக் கடைக்குப் போவாள்.

ஜூன் கடைசி வாரத் திங்கட்கிழமை காலையில் ஆறு மூட்டை இருந்தது. அட்டையில் இருந்தபடி போன் செய்தாள். அன்று மதியமே மழை பிடித்துக்கொண்டது. வானத்தைப் பார்த்தவர்கள் இரண்டு கிலோ வாங்குகிற இடத்தில் மூன்று கிலோ வாங்கினார்கள். திங்கள் மூன்று மூட்டை, செவ்வாய் மூன்று மூட்டை. செவ்வாய் இரவு மலை இடிந்து ரோட்டில் விழுந்தது. புதன்கிழமை வர வேண்டிய ஜீப் அந்தப் பக்கமே நின்றுவிட்டது.

"ஜேசிபி வந்தாத்தான் வழி கெடைக்கும்க்கா. எப்ப வரும்னு ஒருத்தனுக்கும் தெரியல," என்று தங்கதுரை போனில் சொன்னான்.

புதன், வியாழன், வெள்ளி, சனி. நான்கு நாள் கடையில் அரிசி இல்லை. பால்பொடி வியாழனோடு முடிந்தது. வீட்டுக்கு வைத்திருந்த அரிசியைப் படியால் அளந்து, குழந்தைகள் இருக்கும் வீடுகளுக்குக் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை மூன்று பேர் அரிசி வாங்க இடிந்த மண்ணைத் தாண்டி நடந்து போனார்கள். அவர்களில் பெரியமுத்து ஒருவர், ஆறாம் லயத்துக்காரர், தேயிலைக்கு மருந்தடிக்கும் வேலை பார்ப்பவர். திரும்பும்போது தோளில் இருபது கிலோ அரிசியோடு வழுக்கி விழுந்தார்.

ஜீப் ஞாயிற்றுக்கிழமை வந்தது. மறுநாள் பெரியமுத்துவின் மனைவி பூமாரி கடைக்கு வந்து நின்றாள்.

"முட்டி எலும்பு ரெண்டாப் போச்சுக்கா. இனிமே மலையேற முடியாதுன்னுட்டாக. வேல போயிரும்."

புஷ்பமேரி அரிசி அளப்பதை நிறுத்தினாள். "என்னாலதான், பூமாரி."

"ஒங்கள யாரு சொன்னா? மழை பெஞ்சதுக்கு நீங்க என்ன பண்ணுவீக." பூமாரி அரிசியை வாங்கிக்கொண்டாள். படியிறங்கும் முன் நின்று, "மத்தியாஸண்ணன் கடையப் பாத்த வரைக்கும் மழக்காலத்துல அரிசி இல்லன்னு இந்தக் கடையில கேட்டதில்ல. அதான் ஒரு மாதிரி இருந்துச்சு," என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம்.

புஷ்பமேரி கடையைப் பாதியில் சாத்திவிட்டு உள்ளே போனாள். கட்டில் ஓரம் உட்கார்ந்தாள்.

"ஏங்க. ஜன்னல இல்லல்ல? இங்கன இருந்த மூட்டையத்தான காட்டினீக?"

மத்தியாஸ் கண்ணை மூடினார். இமையோரம் நீர் வழிந்தது. இடது கையால் அவள் விரலைப் பிடித்து ஒருமுறை அழுத்தினார்.

அழுது முடித்த பிறகு அவள் நோட்டை எடுத்துவந்தாள். "மழையில எத்தன நாளைக்கு வண்டி வராது?" ஐந்து விரலை விரித்து மூடி, பிறகு ஒன்றைக் காட்டினார். ஆறு. "ஒரு நாளைக்கு எத்தன மூட்டை போகும்?" மூன்று. அவள் பெருக்கிப் பார்த்தாள். பதினெட்டு. சாதாரண நாளுக்கு வேண்டிய ஆறு போக, மிச்சப் பன்னிரண்டும் மழைக்காக. அவள் விற்றுத் தீர்த்தது அதைத்தான்.

"வெயில் காலத்துக்கும் பதினெட்டா?" அவர் தலையசைத்து மறுத்தார். எட்டு என்று விரலால் காட்டினார்; மழைக்கானதை ஏப்ரலிலேயே சேர்க்கத் தொடங்கிவிடுவார் என்று அவளுக்கு இப்போது விளங்கியது. முட்டைக்குக் கேட்டபோது நாலு நாளுக்கு மேல் வேண்டாம் என்று கையால் காட்டினார். கெட்டுப்போகிற பொருளை மழைக்குப் பயந்து குவிக்க முடியாது, இல்லாமல் போனால் போகட்டும். இது அவர் சொல்லாமலே அவளுக்குப் புரிந்தது.

அதன்பின் வாரத்துக்கு ஒரு மதியம், ஒரு பொருள். அவர் சீக்கிரம் களைத்துவிடுவார், ஒன்றுக்கு மேல் கேட்க முடியாது. சில நாள் அவர் காட்டும் எண்ணும் அவள் குறித்த விற்பனையும் ஒத்துப்போகாது. திரும்பக் கேட்பாள், பொறுமையாகத் திரும்பக் காட்டுவார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் கடையைப் பற்றி அவர்கள் இவ்வளவு பேசியதில்லை. அரிசி மூட்டைகள் மறுபடி வந்து கட்டிலைச் சுற்றி அடைத்துக்கொண்டன. அவர் அவற்றுக்கு நடுவில் நிம்மதியாகத் தூங்கினார்.

வேலை போனதும் பெரியமுத்து அக்டோபரில் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்து, குடும்பத்தோடு தேனிப் பக்கம் போனார். பூமாரி சொல்லிக்கொண்டு போக வந்தாள். புஷ்பமேரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நவம்பர் ஒன்பதாம் தேதி, பதினான்காவது பொருளைக் கேட்ட மறுநாள் காலையில், மத்தியாஸ் எழவில்லை.

அடுத்த ஜூலையில் ரோடு ஐந்து நாள் அடைபட்டது. கடையில் அரிசி இருந்தது, பருப்பும் பால்பொடியும் இருந்தன. யாரும் மண்ணைத் தாண்டி நடக்கவில்லை. கரண்ட் போனதால் மெழுகுவர்த்தி மட்டும் மூன்றாம் நாளே தீர்ந்துவிட்டது. அதை அவரிடம் கேட்டிருக்கவில்லை.

ரோடு திறந்த அன்று புஷ்பமேரி நோட்டைப் பிரித்தாள். கரண்ட் இல்லாத நாளில் எத்தனை பெட்டி போனது, எத்தனை பேர் வெறுங்கையோடு திரும்பினார்கள் என்று நினைவுபடுத்திக் கூட்டினாள். அவர்களும் கேட்டவர்கள்தானே. ஒரு நாளைக்கு எட்டுப் பெட்டி என்று வந்தது. ஆறால் பெருக்கினாள். நாற்பத்தெட்டு. சரிதானா என்று கேட்க வீட்டில் யாரும் இல்லை. பெருக்கலை இன்னொரு முறை போட்டுப் பார்த்தாள். பிறகு அட்டையில் எழுதி, போனை எடுத்து மூணாறுக்குப் பேசினாள்.