ஒன்பதாவது வரி

நுஸ்லா மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினாள். வகுப்புப் பலகையில் எழுதிய சோக்கட்டி கையில் அப்படியே இருந்தது. பாமசிக்கு முன்னால் நின்ற த்ரீவீலருக்குள் பாய்ந்து ஏறி, "நாலந்தா ரோட். ஜுனைதீன் ஹாஜியார்ட மிளகு மில். பதினொரு மணிக்குள்ள அங்க நிக்கணும்" என்றாள்.

சாரதி கண்ணாடியில் அவளைப் பார்த்தார். மணி பத்து நாற்பது. ஏழு கிலோமீற்றர். பார்த்துப் போய்விடலாம் என்று சொல்ல வாயெடுத்தவர், அவளுடைய முகத்தைக் கண்டதும் சொல்லாமலே கிளப்பினார்.

அவள் ஜுனைதீனுக்கு அழைத்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மில்லில் வேலை செய்கிற ஷிஃபானுக்கு அழைத்தாள். அதுவும் அப்படியே. மில்லின் அலுவலக இலக்கத்திலும் யாரும் எடுக்கவில்லை.

எடுக்க மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். இயந்திரம் இருக்கிற மண்டபத்துக்குள் நுழையும் முன் கைத்தொலைபேசியை ஒப்படைக்க வேண்டும் என்பது இரண்டாவது விதி. அந்த விதியைத் தமிழில் எழுதிக்கொடுத்தவளே அவள்தான். அதைச் சரியாக எழுதியிருந்தாள். இப்போது அந்தச் சரிதான் குறுக்கே நின்றது.

பிழை ஒன்பதாவது வரியில் இருந்தது.

பத்து நாட்களுக்கு முன்னால் ஜுனைதீன் ஹாஜியார் ஜேர்மனியிலிருந்து பழைய இயந்திரம் ஒன்றை இறக்கியிருந்தார். மிளகைப் பெரிய இரும்புப் பீப்பாய்க்குள் அடைத்து, நீராவியை அமுக்கத்தோடு பாய்ச்சிக் கிருமி கொல்லும் இயந்திரம். கூடவே ஒரு தாள், பதினான்கு விதிகள், எல்லாம் ஜேர்மன் மொழியில். மாத்தளை டவுனில் ஜேர்மன் சொல்லிக்கொடுக்கிறவள் நுஸ்லா ஒருத்திதான். வெளிநாட்டுக்குப் போகிற தாதிமார் பாதிப் பேர் அவளுடைய வகுப்பைத் தாண்டித்தான் போகிறார்கள். ஹாஜியார் தாளையும் இயந்திரத்தையும் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஒருதரம் வந்து மெஷினையும் பாருங்க மகள் என்று சொல்லியும் இருந்தார். அவள் போகவில்லை. வீட்டு மேசையிலேயே, ஒரு கோப்பைத் தேநீர் ஆறுவதற்குள், பதினான்கு வரியையும் முடித்து அனுப்பிவிட்டாள். ஜேர்மனில் அவளுக்குத் தடுமாற்றம் என்று ஒன்று வந்ததே கிடையாது.

இன்று காலை வகுப்பில் அவள் எடுத்த பாடம் அறிவித்தல்களின் மொழி. பெயர்ப்பலகைகளிலும் விதித்தாள்களிலும் ஜேர்மன்காரர் எழுதுகிற விதம்: நடுவில் "ist", கடைசியில் "zu", அதன் பின் வினைச்சொல். யார் செய்ய வேண்டும் என்று ஆளைச் சொல்லாமல் காரியத்தை மட்டும் சொல்கிற வாக்கியம். "Der Text ist leicht zu verstehen" என்றால் பாடத்தை இலேசாக விளங்கிக்கொள்ள முடியும். "Das Formular ist zu unterschreiben" என்றால் படிவத்தில் கையொப்பம் இட வேண்டும். முடியுமா, வேண்டுமா என்பதை அந்த வாக்கியம் வாய் திறந்து சொல்லாது, சுற்றியிருக்கிற நிலைமைதான் சொல்லும் என்று விளக்கிவிட்டு, மறுத்தல் சேர்ந்தால் எப்படி வரும் என்று காட்ட, தன்னுடைய சொந்த வேலையான ஹாஜியாரின் தாளிலிருந்தே பெருமையாக ஒன்றை எடுத்துப் பலகையில் எழுதினாள்.

"Der Deckel ist unter Druck nicht zu öffnen."

கீழே தமிழில்: அமுக்கம் இருக்கும்போது மூடியைத் திறக்க முடியாது.

முன் வரிசை வாங்கில் இருந்த தக்ஷாயினி கையை உயர்த்தினாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, தகப்பனுடைய அரசாங்க வேலையோடு மாத்தளைக்கு வந்தவள், ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக் கருவிகளை அவிக்கிற பிரிவில் வேலை. "மிஸ், எங்கட மெஷினில அமுக்கம் இருந்தா கதவு தானாப் பூட்டிக்கொள்ளும். இதிலயும் அப்படிப் பூட்டு இருக்கோ?"

இருக்கும் என்று சொல்லிக்கொண்டே நுஸ்லா தொலைபேசியில் படத்தைத் தேடி எடுத்துப் பெரிதாக்கினாள். பீப்பாய். தட்டையான மூடி. விளிம்பைச் சுற்றி ஆறு பெரிய கைத்திருகுகள். வேறொன்றும் இல்லை.

தக்ஷாயினி எட்டிப் பார்த்தாள். "பூட்டு ஒண்டும் இல்லையே, மிஸ். அப்ப இதத் திறக்கலாம்தானே?"

வகுப்பு சிரித்தது. நுஸ்லா படத்தை மறுபடி பார்த்தாள். திறக்கலாம். ஆறு திருகையும் எவனும் எப்போதும் கழற்றலாம். அப்படியானால் அந்த வரி இயந்திரத்தின் குணத்தைச் சொல்லவில்லை, மனிதனுக்குக் கட்டளை இடுகிறது. திறக்க முடியாது அல்ல. திறக்கக் கூடாது.

காலையில் ஹாஜியார் அனுப்பிய குரல்செய்தி அதற்குப் பிறகுதான் அவள் காதுக்குள் மறுபடி ஓடியது. முதல் மிளகு இன்றைக்கு, பத்துக்கு நீராவி, பதினொன்றுக்குத் திறப்பு, வந்து வட்டிலாப்பம் சாப்பிடுங்க. கூடவே ஒரு குறை: இருபது வருடம் மில்லில் இருக்கிற பஸீர் மெஷினில் கைவைக்க மாட்டேன் என்கிறான், காரணம் கேட்டால் வாயைத் திறக்கிறானில்லை, வயசு போனதில் பயம் வந்துவிட்டது போல, அதனால் பொறுப்பை ஷிஃபானிடம் கொடுத்தாயிற்று.

ஷிஃபானை அவளுக்குத் தெரியும். அவளிடம் மூன்று மாதம் ஜேர்மன் படித்தவன். எழுதியதை எழுதியபடி நம்புகிறவன்.

பலாபத்வெலச் சந்தியில் மரக்கறி லொறி ஒன்று குறுக்கே நின்றது. சாரதி ஹோர்னை அழுத்திப் பார்த்தார், பிறகு கடை வாசல் ஓரமாகச் சக்கரத்தை ஏற்றி, ஒரு கூடைக் கத்தரிக்காய்க்கு விரற்கடை இடம் விட்டு வெளியே வந்தார். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து ஐம்பத்தாறு.

மில்லின் வாசலில் யாரும் இல்லை. அலுவலகத்தில் மின்விசிறி மட்டும் சுற்றியது. மேசையில் தொலைபேசிகள் வரிசையாகக் கிடந்தன; அவற்றில் இரண்டின் திரையில் அவளுடைய தவறிய அழைப்பு. அவளும் தன்னுடையதை அவற்றுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் உள்ளே ஓடினாள். அந்த அவசரத்திலும் விதி விதிதான்.

மண்டபத்தில் பதினைந்து பேர் வட்டமாக நின்றார்கள். நடுவில் ஷிஃபான், திருகின் கைப்பிடியில் இரும்புக் குழாய் ஒன்றைச் செருகி முழுப் பலத்தோடு நெம்பிக்கொண்டிருந்தான். இரண்டு திருகுகள் ஏற்கனவே தளர்ந்து தொங்கின. இது மூன்றாவது.

"ஷிஃபான், கைய எடு."

அவள் கத்தவில்லை. வகுப்பில் பேசுகிற குரல்தான். மூன்று மாதம் அந்தக் குரலுக்குப் பழகிய கை தானாக நின்றது.

ஜுனைதீன் ஹாஜியார் சிரித்தபடி முன்னே வந்தார். வாங்க மகள், நல்ல நேரத்துக்குத்தான் வந்தீங்க என்றார். அவள் அவரைத் தாண்டிப் போய் ஷிஃபானுக்கும் மூடிக்கும் நடுவில் நின்று, மேலே உள்ள சோதனை வால்வைத் திறந்தாயா என்று கேட்டாள். திறப்பதற்கு முன் அந்த வால்வை இயக்கிப் பார்க்க வேண்டும் என்பது எட்டாவது விதி. அதையும் அவள் சரியாகத்தான் எழுதியிருந்தாள்.

ஷிஃபான் குழப்பத்தோடு அமுக்கமானியைக் காட்டினான். முள் பூச்சியத்தில் படுத்திருந்தது. "அது தேவையில்ல மிஸ். ஒங்கட பேப்பர்லயே இரிக்கே. அமுக்கம் இருந்தா தெறக்க முடியாது. இது தெறக்குது. அப்ப அமுக்கம் இல்ல."

அவன் சொன்னதில் ஓட்டை இல்லை. அவள் எழுதிக்கொடுத்த வரியிலிருந்து நேராக வந்த முடிவு. அந்த ஒரு வரி, பக்கத்தில் இருந்த சரியான வரியையும் சேர்த்துக் கொன்றிருந்தது.

அவள் அமுக்கமானியைப் பார்த்தாள். இந்தத் தடவை படத்தில் அல்ல, கண்ணால். அது பீப்பாயில் இருக்கவில்லை. ஆவி வெளியேறும் குழாயில் இருந்தது.

"எல்லாரும் செவத்துப் பக்கம் போங்க. ஹாஜியார், நீங்களும்."

போனார்கள். நுஸ்லா பக்கவாட்டில் நின்று, முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு, மூடியின் மேலிருந்த சிறிய வால்வைத் திருப்பினாள்.

விசில் போல ஒரு சத்தம் எழுந்து அலறலாக மாறியது. வெள்ளை ஆவி நேராகக் கூரைத் தகரத்தில் போய் மோதியது. மிளகின் காரம் மண்டபத்தை நிறைத்தது. எல்லோரும் இருமினார்கள், கண்ணைத் துடைத்தார்கள், ஆனால் யாரும் அசையவில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், ஆவி குறையவில்லை. பூச்சியம் காட்டிய முள்ளை ஷிஃபான் வெறித்துப் பார்த்தபடியே இருந்தான். கையிலிருந்த இரும்புக் குழாய் எப்போது கீழே விழுந்தது என்பது அவனுக்கே தெரியாது.

அடங்க ஆறு நிமிடம் எடுத்தது. பிறகு மூடியைத் திறந்து பார்த்தபோது விஷயம் விளங்கியது. வெளியேற்றும் குழாயின் வாயில் உள்ள வலைத்தட்டை மிளகுத் தூள் சாந்து போல அடைத்திருந்தது. குழாய் காலி, அதனால் முள் பூச்சியம். பீப்பாய்க்குள் ஆவி அப்படியே. இன்னும் ஒன்றிரண்டு திருகுகள் கழன்றிருந்தால் மூடி ஷிஃபானின் நெஞ்சோடு போயிருக்கும்.

ஹாஜியார் இயந்திரத்தை விற்றவனை ஏச ஆரம்பித்தார். நுஸ்லா குறுக்கிட்டாள்.

"மெஷின்ல பிழை இல்ல, ஹாஜியார். அதக் கட்டினவன் எழுதினதிலயும் பிழை இல்ல. நான் எழுதினதுதான் பிழை. வந்து பாக்காம எழுதினேன்."

மில் முழுக்கக் கேட்கச் சொன்னாள். ஹாஜியார் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். அவள் சுவரில் ஒட்டியிருந்த தாளுக்குப் போனாள். ஒன்பதாவது வரியில் 'முடியாது' என்பதை வெட்டி 'கூடாது' என்று பெரிதாக எழுதினாள். பிறகு ஷிஃபானைக் கூப்பிட்டு, முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாக இயந்திரத்தில் தொட்டுக் காட்டச் சொன்னாள். எது இயலும், எது கட்டாயம், எதற்கு என்ன காரணம். பதினான்கும் முடிய ஒரு மணி நேரம் போயிற்று. மேசையில் எழுதியபோது தேநீர் ஆறும் நேரத்தில் முடிந்த வேலை.

தாளின் அடியில் இரண்டு கையொப்பங்கள் இருந்தன. இயக்குபவர் விதிகளை வாசித்துக் கையொப்பம் இட வேண்டும் என்பது முதலாவது விதி. ஒன்று ஷிஃபானுடையது. மற்றது உருண்டை உருண்டையான எழுத்தில் பஸீருடையது.

பஸீர் கதவோரம் ஸ்டூலில் இருந்தார். இத்தனைக்கும் எழுந்து வரவில்லை. நுஸ்லா அவரிடம் போனாள்.

"நானா, நீங்க ஏன் மெஷின்ல கைவைக்க மாட்டேன்டீங்க?"

அவர் சாறனின் விளிம்பை நீவியபடி சொன்னார். இயந்திரம் பொருத்தின அன்று தண்ணி நிரப்பி, வழமையைவிடக் கூடுதலாக அமுக்கம் ஏற்றிப் பார்த்தார்களாம். எல்லோரும் சாப்பிடப் போன நேரம் இவர் ஒரு திருகைக் கொஞ்சம் தளர்த்திப் பார்த்திருக்கிறார். அது தளர்ந்தது. விளிம்பால் தண்ணி சீறி முகத்தில் அடித்தது. பச்சைத் தண்ணி என்றபடியால் முகம் மிஞ்சியது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டார், இது சொன்னபடி கேட்கிற சாமான் இல்லை என்று.

நுஸ்லாவுக்குக் கோபமே வந்தது. "அப்ப பேப்பர்ல இருக்கிறது பொய்யென்டு அன்டைக்கே தெரியும்தானே? ஒரு வார்த்த ஹாஜியார்ட்ட சொல்லியிருக்கலாமே. இந்தப் புள்ள செத்திருப்பான்."

பஸீர் சுற்றிலும் பார்த்தார். மற்றவர்கள் வட்டிலாப்பச் சட்டியைச் சுற்றி நின்றார்கள். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"பேப்பர்ல என்ன இருந்திச்சென்டு எனக்கு எப்பிடி மிஸ் தெரியும்? வாய் தெறந்தா பேப்பர வாசிச்சுக் காட்டச் சொல்லுவாங்க. நான் படிச்சது சிங்களப் பள்ளில. தமிழ்ல ஒரு எழுத்தும் எனக்கு வாசிக்கத் தெரியாது."