இரட்டை விண்ணப்பம்

மத்திய நூலகத்தில் அவளுக்குச் சட்டப்புத்தகம் என்று பெயர். நிகழ்ச்சி அலுவலர் என்பது பெயர்ப்பலகையில் இருப்பது. சட்டப்புத்தகம் என்பது ஊழியர்கள் முதுகுக்குப் பின்னால் சொல்வது. அது அவள் காதிலும் விழுந்திருந்தது. கோபப்படுவதை விட்டுவிட்டு உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டாள். வினை அங்கேதான் ஆரம்பம்.

வானத்துக்காரர் பேச வருகிறார் என்று செய்தி வந்த அன்று தலைமை நூலகர் எல்லோரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். வானத்துக்காரரைத் தெரியாதவர்கள் அந்த ஊரில் இல்லை. முப்பது வருஷம் வாராவாரம் ரேடியோவில் நட்சத்திரங்களைப் பற்றிப் பேசியவர். இப்போது வயது எண்பத்து நாலு. இதற்கு மேல் மேடை ஏறுவதில்லை என்று அவரே சொல்லிவிட்டார். நுழைவு இலவசம். அரங்கத்தில் இருப்பது இருநூற்று எண்பது நாற்காலி.

"வழக்கம்போல முதல்ல வர்றவங்களுக்குக் குடுத்துடலாமா?" என்றார் தலைமை நூலகர்.

"போன தடவ காலைல பத்து மணிக்கு ஆன்லைன்ல திறந்தோம், ஆறு நிமிஷத்துல தீந்து போச்சு" என்றாள் அவள். "ஒரு பஸ் டிரைவர் வந்து, பத்து மணிக்கு நான் வண்டி ஓட்டிக்கிட்டு இருந்தேன், ஸ்டியரிங்க விட்டுட்டு போனைத் தட்டணுமான்னு கேட்டாரு. அதுக்கு முன்னாடி கவுன்டர்ல குடுத்தப்ப, விடியறதுக்கு முன்னாடியே வரிசை. பாதி இடத்துல ஆளே இல்ல, பையும் செருப்பும்தான் நின்னுச்சு."

"அப்ப முன்னுரிமை. வயசானவங்க, மாணவர்கள், உறுப்பினர்கள்."

"அதையும் பாத்தாச்சு. எல்லாரும் ஏதாவது ஒரு முன்னுரிமையோட வந்தாங்க. சிபாரிசுக் கடுதாசி மட்டும் ஒரு கட்டு. உங்க மச்சான்கூட ஆராய்ச்சி மாணவர்னு எழுதிக் குடுத்தாரு, ஐம்பத்தஞ்சு வயசுல."

தலைமை நூலகர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். கணினிப் பிரிவில் இருந்தவர் சிரிப்பை அடக்கக் குனிந்து கொட்டாவி விட்டார்.

அப்படித்தான் குலுக்கல் முடிவாயிற்று. விதிகளை எல்லாம் அவளே எழுதினாள். ஒரு வாரம் விண்ணப்பிக்கலாம், ஆன்லைனிலோ கவுன்டரிலோ. முதல் நாள் போட்டாலும் கடைசி நாள் போட்டாலும் ஒன்றுதான். ஒருவருக்கு ஒரு விண்ணப்பம். இரண்டு போட்டால் இரட்டை விண்ணப்பம் என்று நீக்கப்படும். சிபாரிசு செல்லாது. சக்கர நாற்காலிக்கு இடம் வேண்டுமா, காது மெஷின் போட்டிருக்கிறீர்களா என்று படிவத்தில் கேள்வி உண்டு; ஆனால் அது சீட்டு விழுந்தபிறகு எங்கே உட்கார வைப்பது என்பதற்கு மட்டும்தான். அரங்கத்தில் முதல் நாலு வரிசைக்குத் தரைக்கடியில் ஒரு கம்பி ஓடுகிறது. அங்கே உட்கார்ந்து காது மெஷினில் ஒரு பொத்தானைத் தட்டினால், மைக்கில் பேசுவது இரைச்சல் இல்லாமல் நேரே காதுக்குள் வரும்.

"இலவசச் சீட்டுன்னா கால்வாசிப் பேர் வரமாட்டாங்க" என்றார் கணினிக்காரர். "ஒரு ஐம்பது சீட்டு கூடக் குடுப்போம் மேடம்."

"எல்லாரும் வந்துட்டா? வாசல்ல நிக்கவெச்சுத் திருப்பி அனுப்பறதா? ஒரு சீட்டுக்கு ஒரு நாற்காலி."

தலைமை நூலகர் எழுந்துகொண்டே விளையாட்டாகச் சொன்னார்: "எல்லாம் சரி. குலுக்கல்ல உங்க வீட்டுக்கே விழுந்துடப்போகுது. அப்புறம் ஊர் சிரிக்கும்."

"விழாது" என்றாள் அவள். குலுக்கல் நடத்துகிறவள் சொல்லக்கூடிய பேச்சா அது? அந்த நேரத்தில் யாருக்கும் அது உறைக்கவில்லை, அவளுக்கும்தான்.

அந்த ஒரு வாரத்தில் அவளுடைய அண்ணியும் விண்ணப்பம் போட்டாள். அண்ணன் மனைவி. அண்ணி அந்த வீட்டுக்கு வரும்போது இவளுக்குப் பதினைந்து வயது. இருந்தது ஒரே அறை. ஒரு மூலையில் இவள் பரீட்சைக்குப் படிப்பாள். இன்னொரு மூலையில் அண்ணி பள்ளிச் சீருடை தைப்பாள். வானத்துக்காரர் பேசும் நாளில் மட்டும் மெஷினை நிறுத்திவிட்டு, இவளுக்குத் தொந்தரவாக இருக்கக்கூடாதென்று ரேடியோவின் சத்தத்தைக் குறைத்து அதில் காதை ஒட்டவைத்துக் கேட்பாள். இப்போது அந்தக் காதுகளே போய்க்கொண்டிருந்தன. இடது காது முழுதாகப் போயிற்று. வலது காது மெஷின் தயவில் இன்னும் கொஞ்ச மாதம் ஓடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"உன்கிட்ட சீட்டெல்லாம் கேக்கமாட்டேன்" என்று அண்ணி போனில் சொன்னாள். "கவுன்டர்ல வந்து ஃபாரம் போட்டுட்டேன். எல்லாருக்கும் போல எனக்கும். விழுந்தா கடைசியா ஒரு தடவ அவர் குரலைக் கேட்டுடுவேன்."

விண்ணப்பங்கள் இரண்டாயிரத்து நூற்று நாற்பது. குலுக்கல் மதிய வேளையில் வாசிப்பு அறையிலேயே நடந்தது, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று. திரையில் எண்கள் மட்டும் பத்துப் பத்தாக வந்தன, பெயர் கிடையாது. இருநூற்று எண்பது எண்கள், அதன் பின் காத்திருப்போர் அறுபது. அவளே உரக்கப் படித்தாள். தலையை நிமிர்த்தி யார் வந்திருக்கிறார்கள் என்று பார்க்கக்கூட நேரமில்லை.

மாலையில் தன் அறையில் எண்களோடு பெயர்களைச் சேர்க்கும்போதுதான் 1346 வந்தது. அண்ணியின் பெயர். காது மெஷின், முன்வரிசை தேவை. மூன்றாம் வரிசை, ஏழாம் நாற்காலி.

முதலில் அவளுக்குத் துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது. அடுத்த நிமிஷமே ஊர் சிரிக்கும் என்ற பேச்சு காதில் ஒலித்தது. தலைமை நூலகரின் மச்சானை எல்லோர் முன்னாலும் குத்திக்காட்டியவள் தன் அண்ணியை மூன்றாம் வரிசையில் உட்கார வைத்திருக்கிறாள் என்பார்கள். எண்ணெல்லாம் திரையில் வந்தது, எல்லோரும் பார்த்தார்கள் என்று சொன்னால் யார் நம்புவார்? உலைவாயை மூடினாலும் ஊர்வாயை மூட முடியாது.

நேராக வந்ததை நேராக விட்டிருந்தால் போதும். குலுக்கலுக்கு இருக்கிற ஒரே மரியாதை, விழுந்ததை யாரும் தொடக்கூடாது என்பதுதான். அதை எழுதியவளே தொட்டாள். 1346-க்கு எதிரே, நீக்கக் காரணம் என்ற கட்டத்தில், 'இரட்டை விண்ணப்பம்' என்று தட்டினாள். காத்திருப்போரில் முதல் ஆளின் பெயர் அந்த நாற்காலிக்குப் போயிற்று. இருபது வருஷ வேலையில் அவள் எழுதிய முதல் பொய் அது. அதையும் நேர்மை என்று நினைத்துக்கொண்டே எழுதினாள், பாவி.

மறுநாள் அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டப்பட்டது. அண்ணியிடமிருந்து போன் வரவில்லை. வாரக் கடைசியில் பார்க்கப் போனபோது, "விழலியாடி எனக்கு?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"இல்ல அண்ணி."

அண்ணி அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி விடு" என்று சொல்லி ஊசியில் நூலைக் கோத்தாள்.

பேச்சு நாளில் ஆறு மணிக்குக் கதவு மூட வேண்டும். ஐந்து ஐம்பதுக்கு அவள் அரங்கத்துக்குள் வந்து பார்த்தாள். எழுபத்து நாலு நாற்காலி காலி. கணினிக்காரர் அவள் பக்கம் திரும்பாமல் மைக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார், அது அவருடைய நல்ல குணம். சீட்டு வாங்கியவர்களில் பலர் விழுந்தால் விழட்டும் என்று போட்டவர்கள். வர முடியாது என்று ரத்து செய்தவர்கள் மூன்றே பேர். அவள் எழுதிய விதிப்படி யாராவது ரத்து செய்தால்தான் காத்திருப்போரைக் கூப்பிட முடியும். விதி அவ்வளவு கச்சிதமாக இருந்தது.

மூன்றாம் வரிசை ஏழாம் நாற்காலியும் காலி.

போனைக் கையில் எடுத்தாள். அண்ணியின் வீட்டிலிருந்து பஸ்ஸில் நாற்பது நிமிஷம். கூப்பிட்டால் என்னவென்று சொல்வது? எடுத்த போனை மறுபடி பையிலேயே போட்டாள்.

"மேடம், வெளிய சீட்டில்லாம ஒரு முப்பது பேர் நிக்கறாங்க" என்றார் வாட்ச்மேன். "விதியில இல்லதான். இருந்தாலும் மனசு கேக்கல."

"விடுங்க. எல்லாரையும் உள்ள விடுங்க" என்றாள்.

ஏழாம் நாற்காலியில் ஒரு தடித்த மனிதர் வந்து உட்கார்ந்தார். வானத்துக்காரர் மெல்லிய குரலில் பேசத் தொடங்கி, ஒரு நட்சத்திரத்தின் ஒளி நம்மை வந்து சேர்வதற்குள் அது அணைந்தே போயிருக்கலாம் என்று சொல்லும்போது, அந்த மனிதர் நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். சுவரோரம் நின்றிருந்த அவளுக்குப் பேச்சு ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டு முழுப் பேச்சையும் கழித்தாள்.

அதற்கு அடுத்த நிகழ்ச்சிக்கு விதிகளை மாற்றினாள். குலுக்கல் அப்படியே இருந்தது. சீட்டை இரண்டு நாளுக்குள் உறுதி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் காத்திருப்போருக்குப் போகும். கால்வாசி சீட்டு கூடுதல். வாசலில் ஒரு வரிசை. ஆரம்பிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது காலி நாற்காலி எல்லாம் அவர்களுக்கு. முன்வரிசையில் பத்து இடம் காது கேளாதவர்களுக்கென்று தனிக் குலுக்கல். எல்லாம் சரியாக நடந்தது, தலைமை நூலகர் பாராட்டினார். கண் கெட்டபிறகு சூரிய நமஸ்காரம் என்று அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

எட்டு மாதம் கழித்து அண்ணியின் வலது காதும் போயிற்று. பேச்சின் வீடியோவை அண்ணன் போட்டுக் காட்டியபோது, "வாயப் பாத்தாவது படிக்கலாம்னா, மனுஷன் தாடி மறைக்குது" என்று அண்ணி சிரித்தாள் என்றார்கள். அந்தச் சிரிப்பைப் பற்றிக் கேள்விப்பட்ட அன்றே அவள் கிளம்பிப் போனாள்.

அண்ணி தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு நோட்டு. வருகிறவர்கள் அதில் எழுதினால் அண்ணி வாயால் பதில் சொல்வாள். அவள் நோட்டை வாங்கி, நிற்காமல் எழுதினாள். உங்கள் எண் விழுந்தது அண்ணி. நான்தான் எடுத்துவிட்டேன். இரண்டு தடவை போட்டதாகப் பொய் எழுதினேன். என்னை யாரும் எதுவும் சொல்லிவிடக்கூடாது என்று.

அண்ணி படித்தாள். மெஷின் டிராயரைத் திறந்து, நூல்கண்டுகளுக்கு அடியிலிருந்து கவுன்டரில் கொடுத்த துண்டுச்சீட்டை எடுத்தாள். 1346. அதன் மேல் பென்சிலால் ஒரு வட்டம்.

"குலுக்கல் அன்னிக்குச் சாப்பாட்டு நேரத்துல வந்திருந்தேன்" என்றாள். காது போனபிறகு அவள் குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது. "கடைசி பெஞ்சுல உக்காந்திருந்தேன். நீ படிச்சது கேக்கல, திரையில பாத்தேன். நாலாவது பத்துல வந்துச்சு. மறுநாள் பலகையில இல்ல. அப்பவே புரிஞ்சுடுச்சு."

அவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. நோட்டில், ஏன் என்னைக் கேட்கவில்லை என்று எழுதினாள்.

"கேட்டா உன் வேலைக்கு ஏதாவது வந்துடுமோன்னு பயம். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே வேணாம்னு எழுதிக் குடுத்திருப்பேன்டி. வானத்துக்காரர் பேச்சு எனக்குப் பாதி மனப்பாடம்." அண்ணி துண்டுச்சீட்டை நாலாக மடித்தாள். "என்னிக்காவது நீயே வந்து சொல்லுவேன்னு இருந்தேன். வாராவாரம் வந்த, சொல்லல."

அவள் நோட்டை மறுபடி எடுத்தாள்.

"அப்பல்லாம் எனக்குக் கொஞ்சம் காது கேட்டுச்சு" என்றாள் அண்ணி. "உன் வாயால சொல்லியிருந்தா கேட்டிருப்பேன்."