கந்தரப்பமும் காலை மாத்திரையும்

எங்கள் பங்காளிகளின் படைப்பு கொத்தமங்கலம் பெரிய வீட்டில் நடக்கும். முன்னோருக்குப் புதுத்துணி வைத்து, இலை போட்டு, சமைத்தது எல்லாவற்றையும் பரிமாறிக் கும்பிடும் நாள். கும்பிட்டு முடியும்வரை வீட்டில் யாரும் பச்சைத் தண்ணீரைத் தவிர வேறொன்றும் வாயில் வைப்பதில்லை. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. என் பேத்தி தீக்ஷாவுக்கு ஒன்பது வயது.

அவளுக்குக் காலையில் ஒரு மாத்திரை உண்டு. ஓரிடத்தில் உட்கார்ந்து ஒன்றில் மனத்தை நிறுத்துவது அவளுக்கு இயலாமல் இருந்தது. பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை இரண்டு முறை கூப்பிட்டு அனுப்பினார். மதுரையில் குழந்தைகளுக்கான மனநல மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்று என் மருமகள் சிவரஞ்சனி சொன்னபோது, எங்கள் வீட்டில் அப்படி ஒரு மருத்துவரிடம் போனவர் எவரும் இல்லை என்றேன். "போகாததுனால வரலைன்னு ஆயிடுமா மாமா?" என்றாள். சென்னையில் வேலை பார்க்கும் என் மகன் ஆதித்தனும் அவள் பக்கம் நின்றான். போனோம். இது பிள்ளை வளர்ப்பின் குறை அல்ல, மூளை வேலை செய்யும் விதம் என்று மருத்துவர் விளக்கினார். மாத்திரை தொடங்கியபின் அவள் ஒரு கணக்கைத் தொடங்கிய இடத்திலிருந்து முடிக்கும் இடம்வரை போனதை நான் என் கண்ணால் பார்த்தேன். அதன்பிறகு நான் வாய் திறக்கவில்லை.

மாத்திரையை என் பீரோவில் வைத்துப் பூட்டுவது நான்தான். கண்டபடி கிடக்கக் கூடாத மருந்து அது. ஏழு மணிக்கு அவள் முதலில் சாப்பிட வேண்டும், பிறகுதான் மாத்திரை. மாத்திரை உள்ளே போய் ஒரு மணி நேரத்தில் பசி ஓடிவிடும். மத்தியானம் டிபன் பெட்டி போனபடியே திரும்பி வரும். முதல் மாதம் அதற்காக நாங்கள் அவளை மிரட்டினோம், கெஞ்சினோம். எடையும் ஒன்றரைக் கிலோ குறைந்தது. மருத்துவர்தான் வழி சொன்னார்: மத்தியானத்தை விட்டுவிடுங்கள், அப்போது கட்டாயப்படுத்த வேண்டாம். மருந்துக்கு முந்தைய காலைச் சாப்பாட்டையும், மருந்து இறங்கியபின் வரும் இரவுச் சாப்பாட்டையும் பலமாக்குங்கள் என்றார். அதிலிருந்து காலையில் நெய்யில் குளிப்பாட்டிய பொடி இட்லியும் முட்டையும் பாலும், சாயங்காலம் தேங்காய்ப்பால் கொழுக்கட்டை, இரவு பருப்புச் சாதம். மாதம் ஒருமுறை எடையும் உயரமும் பார்க்கிறோம். குறைந்த எடை வந்துவிட்டது.

இன்னொரு விதியும் உண்டு. அது மெதுவாகக் கரைந்து பகல் முழுதும் வேலை செய்யும் மாத்திரை. காலை பத்து மணி தாண்டிவிட்டால் அன்றைக்கு விட்டுவிட வேண்டும். ஒரு விடுமுறை நாளில் மறந்துபோய்ப் பன்னிரண்டு மணிக்குக் கொடுத்தோம். அன்றிரவு அந்தப் பிள்ளை கூரையைப் பார்த்தபடி பேசிக்கொண்டே கிடந்தது. ஒருநாள் விடுவதால் ஒன்றும் ஆகாது, தூக்கம் கெட்டால்தான் மறுநாளும் கெடும் என்று மருத்துவர் சொன்னார்.

படைப்பு ஒன்பது மணிக்கு முடியும் என்று மூத்த பங்காளி சோமு அண்ணன் சொல்லியிருந்தார். ஒன்பதரைக்குச் சாப்பாடு, அதன்மேல் மாத்திரை என்று நான் கணக்குப் போட்டேன். சிவரஞ்சனிக்கு இதில் சம்மதமில்லை.

"வீட்டுலயே சாப்பிட வச்சுக் கூட்டிட்டுப் போவோம் மாமா. சின்னப் பிள்ளைதானே, ஒரு வார்த்தை சொன்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக."

"நம்ம வீட்டுப் பிள்ளைக்கு யாருகிட்டயும் விலக்குக் கேட்டதில்லைத்தா. ஏன் எதுக்குன்னு கேப்பாக. என்னன்னு சொல்றது?"

ஒரு மாத்திரையைத் தாளோடு வெட்டி என் மடியில் முடிந்துகொண்டேன்.

போய்ச் சேர்ந்தால், திருச்சியிலிருந்து வரவேண்டிய ஒரு குடும்பத்தின் கார் புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் நின்றுபோயிருந்தது. அவர்கள் வராமல் படைக்க முடியாது. பத்து மணி அடித்தபோது சிவரஞ்சனி நடு முற்றமான வளவின் எதிர்ப்பக்கத்திலிருந்து என்னைப் பார்த்தாள். நான் தூணைப் பார்த்தேன்.

மாத்திரை இல்லாத நாளில் தீக்ஷாவுக்கு இரண்டும் சேர்ந்து வரும்: கால் நிற்காது, பசியும் தாங்காது. வளவைச் சுற்றி ஓடினாள். வீட்டின் பின்பகுதியில் இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று ஒவ்வொரு வாசல் நிலையிலும் தலையை நீட்டினாள். அடுக்கிவைத்த வாழையிலைகளை எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டாள். "ஐயா, வயிறு கத்துது, கேக்குதா?" என்று என் காதைத் தன் வயிற்றில் வைக்கச் சொன்னாள். கேட்டது. "இன்னும் கொஞ்ச நேரந்தான்த்தா" என்றேன். அதையே நான்கு முறை சொல்லியிருப்பேன்.

இரண்டு மணிக்குத் திருச்சிக்காரர்கள் வந்தார்கள். அவசர அவசரமாக இலை போட்டார்கள். அந்த நேரத்தில்தான் படைக்கும் அறையான சாமி வீட்டு வாசலில் ஒரு சத்தம்.

"அடி ஆத்தீ! படைக்கிற தட்டுலருந்து எடுத்துத் திங்குதே!"

நான் போய்ப் பார்த்தபோது தீக்ஷா கையில் பாதிக் கந்தரப்பத்தோடு நின்றாள். மீதிப் பாதி வாயில் இருந்தது. விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் கன்னம் உப்பியிருந்தது. முன்னோருக்கு வைக்கும் பலகாரத்தை முன்னோருக்கு முன் தொட்டதாக எங்கள் பங்காளிகளில் நான் கேள்விப்பட்டதில்லை.

"யாரு வீட்டுப் பிள்ளை?" என்று திருச்சியிலிருந்து வந்தவர் கேட்டார். தெரிந்துகொண்டே கேட்டார்.

"பெத்தாச்சி பேத்தி" என்று என் பெயரைச் சொன்னார் சோமு அண்ணன். "காலையிலருந்து பாக்குறேன், ஒரு இடத்துல நிக்கலை. ஆத்தாகாரி சொல்லிக் குடுத்து வளக்கணும்ல?"

சிவரஞ்சனியின் முகம் சிவந்தது. அவள் பிள்ளையைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டாள். நான் அவர்கள் இருவரையும் இரண்டாம் கட்டுக்குக் கூட்டிப்போய் மடியை அவிழ்த்தேன்.

"இந்தா. தண்ணி கொண்டா. இதைக் குடுத்துட்டா ஒரு மணி நேரத்துல அடங்கிருவா. சாயங்காலம்வரைக்கும் இங்க இருக்கணும். இன்னொரு தடவை நம்ம பேரு அடிபடக் கூடாது."

"வேண்டாம் மாமா."

"பாதி. பாதியை மட்டும் உடைச்சு..."

"அதை உடைக்கவே கூடாது. மொத்தமும் ஒரேயடியா இறங்கிரும். இப்ப மணி ரெண்டரை. இப்பக் குடுத்தா சாப்பாடும் இறங்காது, ராத்திரி தூக்கமும் வராது. நாளைக்கு அவளுக்குப் பள்ளிக்கூடம். அவகளுக்கு நல்ல பேரு வாங்க எம்பிள்ளைக்கு மருந்து குடுக்க மாட்டேன். நீங்க என்ன வேணா சொல்லுங்க."

இருபது ஆண்டுகளாக என் முகத்துக்கு நேரே யாரும் அப்படிப் பேசியதில்லை. தீக்ஷா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். வாயில் இருந்ததை இன்னும் விழுங்கவில்லை.

"முழுங்குத்தா" என்றேன்.

விழுங்கினாள். "நான் எடுக்கணும்னு நெனைக்கலை ஐயா. கை எடுத்துருச்சு."

அது பொய்யில்லை. நினைப்பதற்கும் செய்வதற்கும் நடுவே மற்றவர்களுக்கு இருக்கும் ஒரு சின்ன இடைவெளி அவளுக்குக் குறைவு என்று மருத்துவர் சொன்னதுதான். அந்த இடைவெளியைத் தரும் மாத்திரை என் மடியில் இருந்தது. பசி அவள் வயிற்றில் இருந்தது. இரண்டுக்கும் உத்தரவு போட்டவன் நான். பழி மட்டும் அவள் ஆத்தாளுக்குப் போயிருந்தது. எங்கள் வீட்டுப் பெண்ணை நடுவளவில் ஒருவர் குறை சொல்ல, நான் வாயை மூடிக்கொண்டு உள்ளே வந்திருக்கிறேன். பேர் அங்கேதான் போயிற்று, கந்தரப்பத்தில் இல்லை.

மாத்திரையைத் திரும்ப முடிந்துகொண்டு வளவுக்குப் போனேன்.

"அண்ணே, ஒரு வார்த்தை. பிள்ளை மேலயும் தப்பில்லை, மருமக மேலயும் தப்பில்லை. தீக்ஷாவுக்குக் கவனம் நிக்காத குறை இருக்கு. மதுரையில வைத்தியம் பாக்குறோம். காலையில சாப்பிட்டு ஒரு மாத்திரை போடணும். சாப்பிட வச்சுக் கூட்டிட்டு வாரேன்னு சிவரஞ்சனி சொன்னா. வேண்டாம்னது நான். சொல்றதுன்னா என்னையச் சொல்லுங்க."

திருச்சிக்காரர் தன் துண்டைச் சரிசெய்தார்.

"மாத்திரையா?" என்றார் சோமு அண்ணன். "சின்னப் பிள்ளைக்கா? அப்ப இப்பவே ஒண்ணைக் குடுத்து உக்கார வைக்கிறது."

"நேரம் போச்சு. இனி நாளைக்குக் காலையிலதான். அதுவரைக்கும் ஓடத்தான் செய்வா. நான் பாத்துக்கிறேன்."

"அது என்னமோ. படைப்புன்னா ஒரு கட்டுப்பாடு வேணும்ப்பா. வயித்துல ஒண்ணும் இல்லாமத்தான் நாம எல்லாரும் நிக்கிறோம்."

அதுவரை அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி வள்ளிக்கண்ணு ஆச்சி கரண்டியோடு வெளியே வந்தார்.

"யாரு நிக்கிறது? சுகர் மாத்திரை போடணும்னு காலையில கார்லயே நாலு இட்லியப் பிச்சுப் போட்டுக்கிட்டு வந்தீகளே, அது யாரு வயித்துக்குப் போச்சு?"

முதலில் சிரித்தது திருச்சிக்காரர்தான். பிறகு வளவே சிரித்தது. சோமு அண்ணன் சிரிக்கவில்லை.

"நாலு இல்லை, ரெண்டு" என்றார்.

"ரெண்டோ நாலோ. பெரிய மனுசன் சுகருக்குத் திங்கலாம், பிள்ளை திங்கக் கூடாதா? மாவு இன்னும் இருக்கு. அந்தத் தட்டை எடுத்து வச்சிட்டுப் புதுசாச் சுட்டாப் போச்சு. சிவரஞ்சனி, வாத்தா, எண்ணெய் காயுது."

சிவரஞ்சனி உள்ளே போனாள். போகும்போது என்னைப் பார்த்தாள். இந்த முறை நான் தூணைப் பார்க்கவில்லை.

கந்தரப்பம் வெந்துவரும்வரை தீக்ஷாவை என்னோடு வைத்துக்கொண்டேன். உட்கார் என்று சொல்லவில்லை. இலைக்கு ஒரு டம்ளர் தண்ணீர் என்று ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் வைக்கச் சொன்னேன். ஒவ்வொரு நடைக்கும் ஓடிப்போய் ஓடி வந்தாள். இரண்டு டம்ளர் கொட்டியது. துடைத்தோம்.

படைத்து, கும்பிட்டு, பந்தியில் உட்காரும்போது மூன்றரை ஆகியிருந்தது. தீக்ஷா எனக்கும் சோமு அண்ணனுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். மாத்திரை நாட்களில் மத்தியானச் சோற்றைப் பார்த்து முகம் திருப்பும் பிள்ளை, பருப்பும் நெய்யும் போட்டு ஒரு முறை, சாம்பார் ஊற்றி ஒரு முறை, பாயசம் இரண்டு முறை என்று போய்க்கொண்டே இருந்தாள். சோமு அண்ணன் தன் சோற்றை விட்டுவிட்டு அவள் இலையைப் பார்த்தார். பிறகு தன் இலையில் வைத்திருந்த கந்தரப்பத்தை எடுத்து அவள் இலையில் வைத்தார்.

"சுகருக்கு ஆகாது. நீ தின்னு."

"படைச்சாச்சா?" என்று கேட்டாள் அவள்.

"ஆச்சு, ஆச்சு." அவர் மீசைக்குள் சிரித்துக்கொண்டார். என் பக்கம் திரும்பி, "அடுத்த வருசம் என்ன செய்யப் போறே?" என்றார்.

"வீட்டுல சாப்பிட்டு, மாத்திரை போட்டுட்டுத்தான் வருவா. மத்தியானம் இப்படித் திங்க மாட்டா. அப்ப யாரும் அவளைக் கட்டாயப்படுத்தக் கூடாது. ராத்திரி சாப்பிட்டுக்குவா. இதுக்குச் சம்மதம்னா வாரோம்."

"கேக்குறியா, உத்தரவு போடுறியா?"

"சொல்றேன்."

அவர் மோருக்குக் கை காட்டினார். எங்கள் பங்காளிகளில் அதற்குச் சம்மதம் என்று பொருள்.

தீக்ஷா கந்தரப்பத்தைக் கடித்தபடி, பந்தி முழுதும் கேட்கும்படி, "ஐயா, அப்ப இன்னைக்கு எனக்கு மாத்திரை இல்லையா?" என்றாள்.

"நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு, இட்லி சாப்பிட்டதும்" என்றேன். நானும் பந்தி முழுதும் கேட்கும்படியே சொன்னேன்.